எந்த ஊர் மணிக்கு?

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தாபுராவில் ஒரு பெண் இருக்கிறார். பகலில் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை. மற்ற நேரத்தில் தமிழ் வட்டார வழக்குகள் குறித்த யூடியூப் அலைவரிசை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை அவரவர் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பதே அவருடைய நிகழ்ச்சி. சென்னைக்காரர் 'சோப்பு' என்பார். யாழ்ப்பாணத்தவர் 'சவர்க்காரம்' என்பார். காலை உணவைப் பற்றிக் கேட்டால் மலேசியாவிலிருந்து 'பசியாறுதல்' வந்து சேரும். இந்த விடைகளையெல்லாம் அவர் ஓர் அட்டவணையில் சேர்த்துவருகிறார். அலைவரிசை அவருக்கு அரங்கு என்பதைவிடக் களப்பணி என்பதே பொருந்தும்.

எனவே காணொளியை எந்த மணிக்கு வெளியிடுவது என்பது அவருக்கு விளம்பரம் சார்ந்த கேள்வி அன்று. வெளியிடும் மணியே யாருடைய சொல் பதிவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை அவர் உணர்வதற்கு ஒரு தவறு தேவைப்பட்டது.

தொடக்கத்தில் அவர் நம்பியது யூடியூப் ஸ்டூடியோ காட்டும் வரைபடத்தை. பார்வையாளர்கள் கடந்த 28 நாள்களில் எந்தெந்த மணிகளில் யூடியூபில் இருந்தார்கள் என்பதை அது ஊதா நிறக் கட்டங்களில் காட்டும். நிறம் அடர்ந்தால் கூட்டம் அதிகம் என்று பொருள். அவருடைய வரைபடத்தில் இந்திய நேரம் இரவு 8 மணி முதல் 10 மணி வரை நிறம் அடர்ந்திருந்தது. வெள்ளி இரவு 9 மணிக்குக் காணொளி, ஞாயிறு இரவு 7.30 மணிக்கு நேரலை என்று வகுத்துக்கொண்டார்.

அந்த வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணுகிறது. நூறு பார்வையாளர்களில் எழுபது பேர் இந்தியாவிலும் ஐந்து பேர் கனடாவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐவரும் ஒரே மணியில் திரண்டு வந்தாலும், எழுபது பேரின் மாலைப் பொழுதுக்கு முன்னால் அது வெளிறிய கட்டமாகவே தெரியும். அடர்ந்த கட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பான்மையின் மாலையைத் தேர்ந்தெடுக்கிறார். பொருள் விற்பவருக்கு அது போதும். வழக்குச் சொல் திரட்டுபவருக்குப் போதாது.

இன்னொரு மறைப்பும் உண்டு. பார்வையாளர் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார் என்பதை யூடியூப் சொல்லும்; அவர் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறார் என்பதைச் சொல்லாது. பாரிசில் இருப்பவர் வடமராட்சிக்காரராக இருக்கலாம். துபாயில் இருப்பவர் இராமநாதபுரத்தவராக இருக்கலாம். எனவே தம் அட்டவணையில் 'வாழும் நாடு', 'பேச்சின் ஊர்' என இரு பத்திகளை அவர் தனித்தனியே வைத்தார். நேரம் கணிக்க முதற்பத்தி. மொழியை அறிய இரண்டாவது.

தவறு நிகழ்ந்த நாள் 2025 மார்ச் 9, ஞாயிறு. அன்றைய நேரலையின் பொருள் பனை. டொராண்டோவில் பேரப்பிள்ளைகளோடு வாழும், வடமராட்சியில் பிறந்த ஒரு மூதாட்டி, பனையிலிருந்து கிடைக்கும் உணவுகளின் பெயர்களைத் தாளில் எழுதிவைத்துக் காத்திருந்தார். வாட்ஸ்அப்பில் சுற்றிய அறிவிப்புப் படத்தில் 'இந்தியா இரவு 7.30, லண்டன் பிற்பகல் 2.00, டொராண்டோ காலை 9.00' என்று இருந்தது. முந்தைய வாரம் வரை அது சரியான கணக்கு. ஆனால் அன்று அதிகாலையில்தான் கனடா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தது. சந்தாபுராவில் இரவு 7.30 ஆனபோது டொராண்டோவில் காலை 10. மூதாட்டி ஒன்பது மணிக்கே வந்து அமர்ந்தார். ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்தார். பிறகு உறவினர் வீட்டு நிகழ்வுக்குக் கிளம்பிவிட்டார். "அம்மம்மா உங்களுக்காகக் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தவ, அக்கா" என்று பேத்தி அனுப்பிய செய்தி மறுநாள்தான் கண்ணில் பட்டது.

இந்தப் பிழை ஆண்டுதோறும் திரும்பி வரக்கூடியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவை கடிகாரத்தை மாற்றுவதில்லை. கனடாவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிறு மாற்றுகின்றன. இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும், டொராண்டோ நவம்பர் முதல் ஞாயிறும் பழைய நேரத்துக்குத் திரும்புகின்றன. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையிலுள்ள வழக்கமான ஐந்து மணி நேர வேறுபாடு நான்காகச் சுருங்கும். சிட்னியோ தென்கோளத்தின் முறைப்படி அக்டோபரில் முன்னே சென்று ஏப்ரலில் பின்னே வரும். படத்தில் அச்சிட்ட மணி இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்காது.

தமிழர்க்கு இக்குழப்பம் புதிதன்று. 1996இல் இலங்கை தன் நேரத்தை முன்னே நகர்த்தியது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. தமிழகத்தில் இரவு 9.15 ஆகும்போது கொழும்பில் 9.45, வன்னியில் மீண்டும் 9.15. லண்டனிலிருந்து ஒலிபரப்பாகும் ஒரே வானொலிச் செய்தியை ஒரே தீவினர் இரு கடிகாரங்களின்படி கேட்டனர். நிலையம் ஒரே நொடியில் பேசும்; அந்த நொடிக்கு என்ன பெயர் என்பது கேட்பவரின் சுவரைப் பொறுத்தது.

சந்தாபுராப் பெண்மணி செய்த முதல் திருத்தம் எளியது. அறிவிப்புப் படத்தில் பிற ஊர்களின் மணியை எழுதுவதை நிறுத்தினார். மாறாக, முன்கூட்டித் திட்டமிட்ட நேரலையின் இணைப்பையே அனுப்பினார். அந்தப் பக்கம் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தைத் தானே காட்டும். தம் கணக்கேட்டில் 'ஐந்து மணி நேரம் பின்' என்ற வகையில் எழுதாமல் `America/Toronto`, `Europe/London`, `Australia/Sydney` என்று நேர மண்டலத்தின் பெயரையே எழுதினார். எண்ணை எழுதினால் கோடைக்கும் குளிருக்கும் அதை நாமே மாற்ற வேண்டும். பெயரை எழுதினால் கணினி அந்த நாட்டின் விதியைப் பார்த்துக் கணக்கிடும்.

இரண்டாவது திருத்தம் எதற்கு நேரம் முக்கியம் என்று பிரித்தறிவது. பதிவுசெய்த காணொளியின் நீண்டகாலப் பார்வையை வெளியிடும் மணி நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்பது யூடியூப் தன் உதவிப் பக்கங்களில் கூறும் நிலைப்பாடு. அவரது அனுபவமும் அதற்கு முரணாக இல்லை. வெள்ளி இரவில் வந்த காணொளியைக் கனடாக்காரர் சனி காலையில் பார்த்தார், அவ்வளவே வேறுபாடு. நேரலை அப்படியன்று. அதில் கேள்வியும் மறுமொழியும் ஒரே மணிக்குள் நிகழ்கின்றன. அப்போது உறங்குபவரின் சொல் அந்த உரையாடலுக்குள் வராது. ஆகவே காணொளி பற்றிய கவலையை விட்டுவிட்டு நேரலைக்கு மட்டும் மணி தேடினார்.

தேடலைத் தம் மாலையிலிருந்து தொடங்காமல் இரு ஓரங்களிலிருந்து தொடங்கினார். ஒரு கோடி டொராண்டோ, மறுகோடி சிட்னி. பருவத்தைப் பொறுத்து இவற்றின் இடைவெளி 14 முதல் 16 மணி நேரம். இருவரும் விழித்திருக்கும் பொழுதுகள் இரண்டே. டொராண்டோவின் மாலையும் சிட்னியின் மறுநாள் காலையும் சேர்வது ஒன்று. அப்போது இந்தியாவில் விடியற்காலை, எல்லோரும் உறக்கம். டொராண்டோவின் காலையும் சிட்னியின் இரவும் சேர்வது மற்றொன்று. அது இந்தியாவின் மாலை 5.30. வடகோளக் கோடையில் டொராண்டோவில் காலை 8, லண்டனில் பிற்பகல் 1, துபாயில் மாலை 4, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 10. குளிர்காலத்தில் டொராண்டோவுக்குக் காலை 7, லண்டனுக்கு நண்பகல், சிட்னிக்கு இரவு 11. எவருக்கும் சிறந்த நேரமன்று. எனினும் இந்த ஊர்களில் எவருக்கும் நள்ளிரவுமன்று.

கிழமையும் மாறியது. ஞாயிறு சவூதி அரேபியாவில் வேலை நாள். மலேசியாவில் மறுநாள் பள்ளிக்கும் பணிக்கும் ஆயத்தமாகும் இரவு. சனிக்கிழமை என்றால் இவ்விரு தடைகளும் நீங்கும். எனவே சனி மாலை 5.30 என்று முடிவாயிற்று.

விலை இல்லாமல் இது கிடைக்கவில்லை. வரைபடத்தின் அடர்ந்த கட்டத்தை விட்டு விலகியதால், நேரலையில் ஒரே வேளையில் இருப்போரின் உச்ச எண்ணிக்கை குறைந்தது. "அந்த நேரத்துல கடையில இருப்பேன், மேடம்" என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். வான்கூவரில் அது இன்னும் விடியாத பொழுது. வளைகுடாவின் கட்டுமானத் தொழிலாளருள் பலருக்கு வெள்ளி மட்டுமே ஓய்வு. அவர்களுக்குச் சனிக்கிழமை அந்தப் பொழுது வேலை நேரம். இவர்களுக்காக, அந்த வாரத்துக் கேள்வியை மட்டும் ஒரு சிறு காணொளியாக வியாழன் இரவே வெளியிட்டு, விடைகளைக் குரல்பதிவாகப் பெற்று, நேரலையில் ஒலிக்கவிட்டார். பெரும்பான்மையினர் எந்த மணியிலும் ஓரளவு வந்துவிடுவர் என்பதும், சிறுபான்மையினர் ஒரு தவறான மணியில் முற்றாக மறைந்துவிடுவர் என்பதுமே அவர் இந்த விலையைக் கொடுத்ததற்கான காரணம்.

மாற்றம் பலித்ததா என்பதை அவர் மொத்தப் பார்வை எண்ணிக்கையில் தேடவில்லை. அட்டவணையின் இரண்டாம் பத்தியில், நேரலையின்போதே விடை சொன்னவர்களின் ஊர்களைப் பார்த்தார். முன்பு ஒரு நேரலைக்குச் சென்னை, மதுரை, கோவை, பெங்களூர் என்று நின்ற பட்டியலில் இப்போது கிள்ளானும் பருத்தித்துறையும் மட்டக்களப்பும் இடம்பெற்றன. ஒருவரின் விடையைக் கேட்டு மற்றவர் மறுத்துரைப்பதும் அப்போதுதான் தொடங்கியது. வழக்காய்வுக்கு அந்த மறுப்பே மிகுந்த பயனுடையது. தனித்தனியே வந்து விழும் பின்னூட்டங்களில் அது கிடைப்பதில்லை.

பனையைப் பற்றிய நேரலை மீண்டும் ஒரு சனிக்கிழமை நடந்தது. டொராண்டோவில் காலை 8. மூதாட்டி அதே தாளோடு வந்தார். பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பழக்களியைக் காயவைத்தால் பனாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிள்ளானிலிருந்து ஒருவர் குறுக்கிட்டுத் தம் பாட்டி ஒடியல் என்ற சொல்லைச் சொல்லக் கேட்டிருப்பதாகவும், பொருள் இன்றுதான் தெரிந்தது என்றும் எழுதினார். சனி மாலை 5.30 ஓசூர் சாலையின் நெரிசல் வேளை. பதிவு முழுவதும் லாரிகளின் ஒலிப்பான் கேட்கிறது. அதை அவர் வெட்டி நீக்கவில்லை. அட்டவணையில் மூன்று புதிய வரிகள் சேர்ந்தன. மூன்றிலும் வாழும் நாடு கனடா, பேச்சின் ஊர் வடமராட்சி.