வாப்பாவின் பெயரில் ஒரு வண்டி

அஸ்ருக்குப் பின் உணவு விநியோகத்துக்குப் புறப்படும் என் தங்கை மகனுடைய ஸ்கூட்டரின் பாலிசியைச் சென்ற வாரம் இருவரும் சேர்ந்து வாசித்தோம். தனியார் பயன்பாட்டுக்கான அந்தப் பாலிசி, கூலிக்கு ஓட்டுவதையும், சொந்தச் சாமானும் மாதிரிப் பொருளும் தவிர்த்த சரக்கை ஏற்றுவதையும் வெளிப்படையாக விலக்கியிருந்தது.

“பிரீமியம் ஒழுங்காகக் கட்டுகிறோமே, மாமா?” என்றான்.

கட்டினாலும், பிரியாணிப் பையோடு செல்கையில் வண்டி நொறுங்கினால் பழுதுச் செலவை நிறுவனம் மறுக்கலாம். பாதசாரி அடிபட்டால் கதை வேறு. முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பல வழக்குகளில் நிறுவனத்துக்கு உத்தரவிட்டுள்ளன. வண்டியோ அவன் வாப்பாவின் பெயரில் இருக்கிறது. கடனும் அவர் தலையில் விழும். 15 லட்ச ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பும் உரிமையாளர் ஓட்டினால்தான், மகனுக்கு இல்லை.

பையை ஒளித்துவிடலாம் என்கிறார்கள் அவன் நண்பர்கள். பொய் ஹராம் என்பது ஒருபுறமிருக்க, செயலியில் ஆர்டரின் நேரமும் இடமும் பதிவாகியிருக்குமே!

செயலி நிறுவனம் தரும் விபத்துக் காப்பீட்டையும் பார்த்தோம். அது அவன் உடலுக்கானது. வண்டிக்கும் பாதசாரிக்கும் அதில் இடமில்லை. ஆகவே விநியோகத்துக்கு ஓட்டுவதை எழுத்தில் தெரிவித்து, அதற்குரிய பாலிசியைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார் மச்சான்.