முழம் போட்ட கணக்கு

பேரம் பேசுவதில் நான் சூரன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு மாலை மயிலாப்பூர் மாட வீதியில், முழம் 40 ரூபாய் சொன்ன மல்லிகையை 30-க்கு முடித்து, இரண்டு முழம் வாங்கி வந்தேன். மனைவி தன் கையால் அளந்து பார்த்தாள். ஒன்றரை முழந்தான்! கணக்குப் பார்த்தால், பூக்காரி முதலில் சொன்ன அதே 40.

"விலையைக் குறைத்தால் அவள் கை குறுகிவிடும், கட்டும் நெருக்கமாக இராது" என்றாள் மனைவி. அவள் விலையைத் தொடுவதே இல்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரம் போகிறதா என்று மட்டும் பார்ப்பாள். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

சென்ற வாரம் இரவு எட்டரை மணி, தூறல். மொட்டெல்லாம் விரிந்துவிட்டது; காலையில் குப்பைதான். "மிச்சம் நாலு முழம், 60 ரூபா கொடும்மா" என்றாள் பூக்காரி. இதுதான் சமயமென்று நான், "ஐம்பது" என்று வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"பாதி விலைக்கும் கீழே அவளே இறங்கிவிட்டாள். காலையில் கடன் வாங்கிப் பூ எடுத்தவள். இன்னும் என்ன?" என்று முணுமுணுத்துவிட்டு, அறுபதைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அளந்து பார்த்தேன், ரகசியமாக. நாலு முழத்துக்கு மேலேயே இருந்தது.