அண்ணன் மகனின் வாட்ஸ்அப் கடிதம்



அண்ணன் மகன் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். போன வாரம் வந்து, "அத்தை, இந்த மெசேஜைக் கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று போனை நீட்டினான்.

திருநகர் பக்கம் 30 லட்ச ரூபாய் வேலை. ஜூன் 5-ல் தொடங்கியிருக்க வேண்டும். வரைபட அனுமதி வந்து சேர்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. இனி ஆகஸ்ட் 28-ல்தான் பூமி பூஜை. வீட்டுக்காரர் அட்வான்ஸ் 3 லட்சம் கொடுத்துவிட்டார். மீதியை ஜூன் 10-ல் 6 லட்சம், ஜூலை 15-ல் 6 லட்சம் என்று தேதி போட்டுப் பேசியிருந்தார்கள். அந்தத் தேதிகள்தான் போய்விட்டனவே!

அவன் எழுதியிருந்தது இது: "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுவிட்டது. தவணைகளை மாற்றிக்கொள்ளலாம். முதல் 6 லட்சத்தை உடனே அனுப்பவும்."

என் வகுப்பில் வந்த லீவு லெட்டர் மாதிரியே இருந்தது. என்ன காரணம் என்று இல்லை. மொத்தத் தொகை கூடுமா என்று இல்லை. வீட்டுக்காரர் பேங்க் லோன் வாங்கியவர். பேங்க் பணத்தை விடுவித்த நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைக்கால்கூடத் தோண்டாத மனைக்கு அவர் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

"சரி, புதுத் தேதி போட்டுருவோமா?" என்றான். ஐப்பசி மழையில் கான்கிரீட் போடும் நாளை யாரால் சொல்ல முடியும்? மறுபடியும் தேதி தவறும், மறுபடியும் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலை எந்த மட்டத்துக்கு வந்ததோ அதற்குப் பணம் என்று எழுதச் சொன்னேன். பேங்க்கும் அப்படித்தானே லோனைப் பிரித்துக் கொடுக்கிறது.

அவன் கவலை வேறு. "பேஸ்மட்டம் முடியிற வரைக்கும் 3 லட்சத்துல எப்படி அத்தை ஓட்டுறது?" அதுவும் நியாயம்தான். முதல் 6 லட்சத்தை இரண்டாகப் பிரித்தோம். கடைசியில் எழுதியது:

"வணக்கம் சார். வரைபட அனுமதி தாமதமாக வந்ததால் வேலையை ஆகஸ்ட் 28-ல் தொடங்குகிறோம். மொத்தம் அதே 30 லட்சம்தான். நீங்கள் கொடுத்த 3 லட்சம் கணக்கில் இருக்கிறது. மீதியைத் தேதிக்குப் பதில் வேலையின் கட்டப்படி வைத்துக்கொள்ளலாமா? கடைக்கால் தோண்டிக் கம்பி கட்டியதும் 3 லட்சம், பேஸ்மட்டம் முடிந்ததும் 3, லிண்டல் மட்டத்தில் 6, மேல்தளக் கான்கிரீட் போட்டதும் 6, பூச்சு முடிந்ததும் 6, சாவி தரும்போது 3. ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ அனுப்புகிறேன். நேரில் பார்த்துவிட்டு 7 நாளுக்குள் கொடுத்தால் போதும். சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஒப்பந்தத்தோடு ஒரு தாள் சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம்."

கம்பி விலை ஏறினால் என்ன செய்வது என்பதையும் இதிலேயே சேர்க்கப் பார்த்தான். வேண்டாம் என்றேன். தவணையை மாற்றக் கேட்கும் கடிதத்திலேயே விலையையும் பேசினால், தாமதத்தைச் சாக்கு வைத்து விலையை ஏற்றுகிறான் என்றுதான் தோன்றும்.

மறுநாள் பதில் வந்தது. வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று மாற்றினார்: மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கி, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கடைசி 3 லட்சம். அண்ணன் மகன் முகம் சுருங்கியது. "ஒழுகாதுன்னு உனக்கு நம்பிக்கை இருந்தா சரின்னு எழுதுடா" என்றேன்.

எழுதிவிட்டான்.