தீபத்துக்கு முன் கொடுத்த கடன்

திருவண்ணாமலையில் கற்பூரம், ஊதுபத்தி மொத்த வியாபாரம் எனக்கு. கார்த்திகை தீபத்துக்குக் கேட்டதையெல்லாம் சிறு விநியோகஸ்தர்களுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு, தை மாதம் வரை வசூலுக்கு அலைந்திருக்கிறேன்.

இப்போது ஒருவர் வாரம் 10,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் தவணை 14 நாள், கடன் வரம்பு 20,000. தீபத்துக்கு மட்டும் 15,000 கூடுதல். அது தனி பில். தீபம் முடிந்த ஐந்தாம் நாள் கெடு. விற்ற காசு அவர் கையில் இருக்கும் நேரம் அதுதான்.

என்னை ஏமாற்றியது மொத்த பாக்கி. வரம்புக்குள்தான் இருக்கும், உள்ளே ஒரு பழைய பில் 40 நாளாகக் கிடக்கும். ஆகவே, முன்பே பேசிக்கொண்டபடி, வரும் பணத்தைப் பழைய பில்லில்தான் முதலில் வரவு வைக்கிறேன். கெடு தாண்டி ஏழு நாளானால், சொந்தக்காரருக்கும் ரொக்கத்துக்குத்தான் சரக்கு.

வண்டியில் ஏற்றும் முன் பழைய பில்லின் தேதியைப் பாருங்கள், நண்பர்களே.