நெற்றியில் ஒரு வெற்றிடம்

பழைய புகைப்படத்துக்கு வண்ணம் ஏற்றுவது மொழிபெயர்ப்பைவிடச் சிக்கலான காரியம். மொழிபெயர்ப்பவன் கையில் மூலம் இருக்கிறது. இங்கே வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிறம் படம் எடுத்த கணத்திலேயே போய்விட்டது.

எங்கள் வம்சாவளிப் படத்துக்காகத் தென்காசி வீட்டில் கிடைத்த போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். ஒன்றில் என் பூட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். சேலை ஏறக்குறைய வெள்ளை. நெற்றியைப் பூச்சி அரித்திருக்கிறது. அந்தக் குழந்தை பிறந்த வருஷமே பூட்டன் இறந்தார். படம் எடுத்த அன்று அவள் சுமங்கலியா, விதவையா என்பதை அரித்துப்போன அந்த இடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சேலையை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்நாளைய ஆர்த்தோகுரோமாடிக் பிளேட் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. அதனால்தான் அதைச் சிவப்பு விளக்கொளியில் கழுவ முடிந்தது. வெளிர்நீலம் அதில் வெள்ளையாக விழும், குங்குமம் கறுப்பாக. இந்தப் படம் அவ்வகைதான் என்பதற்குப் பூட்டியின் வெற்றிலை உதடுகள் சாட்சி. மை பூசினாற்போல் கறுத்திருக்கின்றன. சிவப்பையும் உணரும் பான்குரோமாடிக் பிலிமில் இவ்வளவு இருளாது. ஆகவே சேலை வெள்ளையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம்.

கணினியில் வண்ணத்தைத் தனி அடுக்காகப் படத்தின் மேல் வைக்கிறோம். வெளிச்ச அளவு பழைய படத்தினுடையதே. கறுத்த உதட்டின் மேல் சிவப்பை ஏற்றினால் அது கறுப்பாகவே நிற்கும். சிவப்பாகத் தெரிய உதட்டை முதலில் வெளுக்க வேண்டும். அங்கே திருத்தி எழுதுதல் தொடங்கிவிடுகிறது. அரிப்பை மூடப் பக்கத்துத் தோலைப் பிரதியெடுத்து ஒட்டுவது வழக்கம். கன்னத்தில் அதனால் பாதகமில்லை. நெற்றியில் ஒட்டினால் பொட்டில்லாத நெற்றி கிடைக்கும். வைத்தியம்போலத் தோன்றும் அந்த வேலை, உண்மையில் ஒரு தீர்ப்பு.

"பூச்சி அரிச்சா என்னல, ஒரு பொட்ட வச்சிரு. மூளி நெத்தியோட ஆச்சிய தொங்க விடாத" என்றாள் பெரியத்தை. அவள் கண்ட ஆச்சி வெள்ளைச்சேலைக்காரி மட்டுமே.

புதிய படங்களோடு சேர்ப்பதிலும் இதே பிரச்னை. போன சீசனில் குற்றாலத்தில் செல்போனில் எடுத்த பிள்ளைகள் பளபளவென்று நிற்க, மேல்வரிசை மங்கிவிடுகிறது. பழைய முகங்களைக் கூர்மையாக்கினால் இல்லாத ரேகைகள் கிளம்புகின்றன. எனவே புதியவற்றின் நிறச்செறிவையும் கறுப்பின் ஆழத்தையும் குறைத்தேன். கொஞ்சம் துகளும் தூவினேன். பின்னணியில் காசி விசுவநாதர் கோபுரம் வேண்டும் என்றார்கள். இன்றைய கோபுரம் குடமுழுக்குக் கண்டது 1990இல். பூட்டி பார்த்தது சிதைந்த மொட்டைக் கோபுரத்தை. பின்னணியை வெறுமையாக விட்டேன்.

பூட்டியைச் சாம்பல் நிறத்திலேயே, நெற்றி அரிப்போடு அச்சிட்டாயிற்று. அத்தை அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை.