‘இலகுவான வேலை’ என்றால் என்ன வேலை?

அக்கா ஒரு லீசிங் கொம்பனியின் கிளையில், கணக்குப் பகுதியில் வேலை செய்கிறா. போன வருடம் மனச்சோர்வு நோய் வந்து இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "என்ர பேரையும் கொம்பனியையும் போடாத, மிச்சத்தை எழுது. ஆருக்காவது உதவும்" என்று சொன்னா. அவ திரும்ப வேலைக்குப் போகும்போது உளவியலாளர் ஒஃபிசுக்கு எழுதின ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்று இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அந்தக் கடிதத்துக்கு முதல் இன்னொரு துண்டும் போனது. லீவு முடியும்போது ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தது: மன அழுத்தத்தைத் தவிர்க்கவும், இலகுவான வேலை கொடுக்கவும். மனேஜர் கெட்ட மனிசன் இல்லை. ஆனால் ‘இலகுவான வேலை’ என்றால் என்ன என்று அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் கண்டுபிடித்தது பழைய ஃபைல் அறை. நாள் முழுக்கத் தனிய இருந்து ஃபைல்களை வருட வரிசையில் அடுக்குவது. கதைக்க ஆள் இல்லை, முடித்துக் காட்ட ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்கு வரவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. மூன்றாம் கிழமை அக்கா ராஜினாமாக் கடிதம் எழுதி பையில் வைத்திருந்தா. "என்னை ஓரங்கட்டிட்டாங்கள், அது சரிதான், என்னால ஒண்டும் ஏலாது" என்பதுதான் அவவின்ர கதை.

உளவியலாளர் அந்த ராஜினாமாவை ஆறு கிழமைக்குத் தள்ளிப் போடச் சொன்னா. ‘என்னால் ஏலாது’ என்று கதைப்பது நோயின் குரலாகவும் இருக்கலாம், அது அடங்கினபிறகு முடிவெடுக்கலாம் என்று விளக்கினா. பிறகு வேலை நாளை மணிக்கு மணி சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினா. எத்தனை மணிக்கு முழிப்பு வருது? எந்த வேலையில் எண் பிழைக்குது? ஆர் வேலை சொல்லுறது, வாயாலயா எழுத்திலயா? கடிதம் இந்தப் பதில்களில் இருந்துதான் வந்தது.

இந்த இடத்தில் நோயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேணும். மனச்சோர்வில் இருந்து மீளும்போது எல்லாம் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. பெரும்பாலும் அழுகை குறையும், சாப்பாடு பிடிக்கும், முகம் தெளியும். ஆனால் கவனம், ஞாபகம், ஒரு முடிவுக்கு வருகிற வேகம் எல்லாம் பிந்தித்தான் வரும். சிலருக்கு மாதக்கணக்கு எடுக்கும். வெளியில் பார்ப்பவருக்கு ஆள் சுகமாகிவிட்டார். உள்ளே இருப்பவர் ஒரே நிரலை நாலு தரம் கூட்டிக்கொண்டிருப்பார். வேலைத்தளத்தில் பிரச்சினை வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கடிதத்தில் ஒவ்வொரு பரிந்துரையும் மூன்று பகுதியாக இருந்தது: என்ன சிரமம், அதற்கு என்ன மாற்றம், எதுவரைக்கும். முதலாவது நேரம். இரவுக் குளிசையின் மயக்கம் காலையிலும் கொஞ்சம் இருக்கிறது, மனநிலையும் காலையில்தான் மோசம். ஆகவே முதல் இரண்டு கிழமை பத்தில் இருந்து இரண்டு மணி வரை, அடுத்த இரண்டு கிழமை ஒன்பதரையில் இருந்து மூன்றரை வரை, அதற்கடுத்த இரண்டு கிழமை ஒன்பதரையில் இருந்து வழமையான முடிவு நேரம் வரை. இரண்டாவது கவனம். ஏறத்தாழ நாற்பது நிமிடத்துக்கு மேல் எண்களில் நிற்க முடியவில்லை, ஆகவே மாத முடிவுக் கணக்கு ஒப்பிடுதலைத் துண்டு துண்டாகக் கொடுக்கவேண்டும், இடையில் சின்ன இடைவேளை வேண்டும். மூன்றாவது ஞாபகம். வேலைகளை ஒரே ஒரு மேற்பார்வையாளர், எழுத்தில் கொடுக்கவேண்டும். நாலாவது, இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு பின்னேரம் சிகிச்சைக்குப் போக அனுமதி.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கடுத்த பந்தி. எதை மாற்றத் தேவையில்லை என்று அதில் இருந்தது. அவருடைய பதவியையும் கணக்குப் பொறுப்பையும் எடுக்கவேண்டாம், சக ஊழியர்களிடமிருந்து பிரித்து இருத்தவேண்டாம். அளவாகக் கொடுத்த வேலையைச் செய்து முடிப்பதும், ஆட்களோடு இருப்பதும் குணமாவதற்கு உதவும் என்று காரணமும் எழுதியிருந்தா. ஃபைல் அறையின் பெயரைச் சொல்லாமலே ஃபைல் அறையில் இருந்து அக்காவை வெளியே எடுத்த பந்தி அது.

கடிதம் நேரே ஒஃபிசுக்குப் போகவில்லை. முதல் வரைவு அக்காவின் கையில்தான் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நானும் கூட இருந்து வாசித்தேன். எதைச் சொல்லலாம், ஆருக்குச் சொல்லலாம் என்று அவ கையெழுத்து வைத்தபிறகுதான் அனுப்பினது. நோயின் பெயரைப் போடுவதா இல்லையா என்பதில்தான் இரண்டு நாள் இழுபட்டது. ‘மருத்துவ நிலை ஒன்று’ என்றே எழுதலாம், உளவியலாளரும் அதற்குச் சம்மதம். பெயர் போட்டால் அது ஃபைலில் இருக்கும், நாளைக்குப் பதவி உயர்வு நேரம் ஆரோ திறந்து பார்ப்பார். போடாவிட்டால் ஒஃபிசில் ஏற்கெனவே ஓடின கதைகள் தொடர்ந்து ஓடும். அக்கா போடச் சொன்னா. ஆனால் வீட்டுப் பிரச்சினையைத் தொட்ட ஒரு வரியை வெட்டச் சொன்னா. அந்த வரி இல்லாமலே பரிந்துரைகள் எல்லாம் விளங்கின, அப்படியென்றால் அது கடிதத்துக்குத் தேவையில்லாத வரி. மனிதவளப் பிரிவுக்கு, அந்தரங்கம் என்று குறித்த உறையில் போனது.

பிறகு கொம்பனியில் இருந்து உளவியலாளருக்குக் கோல் வந்தது. திரும்ப வருமா, முழுசா எப்ப சுகம் வரும் என்று கேட்டார்கள். கடிதத்தில் உள்ளதை விளக்கலாம், அதற்கு மேல் கதைக்க அவரின் அனுமதி எனக்கில்லை என்று சொல்லி முடித்துவிட்டா.

ஒஃபிஸ் முக்கால்வாசியை ஒத்துக்கொண்டது. எழுத்தில் வேலை கொடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை, அது அடுத்த நாளே தொடங்கினது. ஆனால் குறைத்த மணித்தியாலங்களை அக்காவின் ஆண்டு லீவில் கழித்தார்கள், சிகிச்சைப் பின்னேரங்களையும் அப்படித்தான். அதைத் தடுக்கக் கடிதத்தால் முடியாது. அது பரிந்துரை மட்டும், கட்டளை இல்லை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், நீண்டகால மனநோயும் இயலாமைக்குள் வருமென்றால் நியாயமான மாற்றங்களைச் செய்வதை முதலாளியின் கடமை ஆக்குகிறது. எங்களுடைய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நேரத்தை மாற்றிக் கொடு என்று அது சொல்லவில்லை. ஆகவே இங்கே கடிதத்தின் பலம் அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில்தான். மனேஜர் வாசித்துவிட்டு நாளைக் காலை என்ன செய்யவேணும் என்று தெரிந்தால் அது வேலை செய்யும்.

ஆறாம் கிழமை மீளாய்வு என்று திகதியோடு கடைசியில் இருந்தது. அந்தத் திகதி இரண்டு பக்கத்துக்கும் உதவினது. ஒஃபிசுக்கு இது முடிவில்லாத சலுகை இல்லை என்று தெரிந்தது. அக்காவுக்கும் தான் எண்டைக்கும் அரைவாசி ஊழியர் இல்லை என்று தெரிந்தது. ஆறாம் கிழமை மாத முடிவோடு மோதியதால் நேரத்தை இன்னும் இரண்டு கிழமை நீட்டினார்கள். அதற்குப் பிறகு போன இரண்டாம் கடிதம் மூன்று வரிதான்: நேர மாற்றமும் துண்டு வேலையும் இனித் தேவையில்லை, எழுத்தில் வேலை கொடுப்பதைத் தொடரவும், சிகிச்சைப் பின்னேரம் இனி மாதத்துக்கு ஒருக்கா. இப்ப அந்தப் பகுதியில் எல்லாருக்குமே வேலை எழுத்தில்தான் வருதாம்.