துபாய்க்கு ஓர் ஆங்கிலக் கடிதம்

பள்ளிச் சுற்றுலாவைப் பற்றி வெளிநாட்டு உறவினருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வரையும் பாடம் உங்கள் இல்லத்துக்கும் வந்திருக்கும். எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், துபாயிலேயே பிறந்து வளரும் தன் பெரியம்மா மகளுக்கு மாமல்லபுரத்தைப் பற்றி எழுதினாள்.

'டியர் கஸின் சிஸ்டர்' என்று தொடங்கியிருந்தாள். ஆங்கிலத்தில் அவ்வாறு விளிப்பதில்லை. 'டியர்' என்பதோடு பெயர் போதும். 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று முடித்திருந்தாள். அது முன்பின் அறியாத அதிகாரிக்கு உரியது. 'வித் லவ்' என மாற்றினாள். 'வி ஹேவ் கான் லாஸ்ட் ஃப்ரைடே' என்றும் ஒரு வாக்கியம். சென்ற வெள்ளி என நாளைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' ஒட்டாது. 'வி வென்ட்' என்பதே முறை. சிற்பம் இன்றும் நிற்பதால், அதை வருணிக்க மட்டும் நிகழ்காலம் பொருந்தும்.

இவை எளிதில் திருந்தின. பெருங்குறை வேறு. பல்லவர், ஏழாம் நூற்றாண்டு, ஒற்றைக்கல் இரதங்கள் எனச் சரித்திரப் பாடத்தை அப்படியே இறக்கியிருந்தாள். (மதிப்பெண்ணுக்கு அதுவே போதும் என்பது அவள் கட்சி.)

"லாத்தா நேரில் வந்தால் இதையா சொல்வாய்?" என்றேன்.

சிரித்துவிட்டாள். பின்னர், பெரும்பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும், அதன் அருகே கூடியிருக்கும் எலிகளையும், அதைப்போல் நிற்க முயன்று தோழி மணலில் விழுந்ததையும் எழுதினாள்.

ஏட்டில் இருந்ததைப் பிரதியெடுத்து அஞ்சலிலும் சேர்த்தோம். விடுமுறையில் வந்ததும் முதலில் அந்தப் பூனையைக் காட்ட வேண்டுமாம், பதில் வந்திருக்கிறது.